காதுக்கு எழுதுவது எப்படி: ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கான தமிழ்ப் பதில், ஒரு கடல் கேள்வியை வைத்து

மாமா திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறார், கடல் தொழில். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பினால் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடல் எப்படி இருக்கும்? தமிழில் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பதில்கள் எழுதும் வேலை எனக்கு வந்தபோது முதலில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தேன். எழுதியதை ஒலியாக்கி, குசினியில் அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நேரம் போட்டுக் காட்டினேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வானிலை அறிவிப்புகளின் நடையிலேயே நான் எழுதியிருந்த பதில் இது:

> திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பிராந்தியங்களில் காற்றானது மணித்தியாலத்துக்கு 30-40 கி.மீ. வேகத்தில் வடகிழக்குத் திசையிலிருந்து வீசக்கூடுவதுடன், காற்றின் வேகம் அவ்வப்போது 50 கி.மீ. வரை அதிகரிக்கலாம் என்பதால் கடல் இடைக்கிடையே கொந்தளிப்பாகக் காணப்படும்.

மாமா கோப்பையோடு திரும்பிப் பார்த்தார். “தம்பி, பொத்துவிலைப் பற்றி என்ன சொன்னது? நான் ஏன் அங்க போறன்?”

கடல் கொந்தளிக்கும் என்ற செய்தி அவர் காதில் ஏறவேயில்லை. அது கடைசி இரண்டு சொல்லில் இருந்தது. அதற்குள் அவர் சீனிப் போத்தலைத் தேடப் போய்விட்டார்.

தாளில் படித்தால் அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. கண் வேண்டியபோது பின்னால் போய் மறுபடி படிக்கும். காது அப்படிப் போக முடியாது. இதோடு தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் சேர்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆனால் பேச்சில் வாக்கிய முடிவில் குரல் தாழ்ந்து மெலிகிறது, இயந்திரக் குரலும் அப்படியே செய்கிறது. பொருளைத் தீர்மானிக்கும் சொல்லே சத்தத்தில் முதலில் கரையும் சொல்லாகவும் இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

படி 1: கேள்வியைக் கேட்டபடியே எழுதுங்கள்

பதிலை எழுத முதல், ஆட்கள் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். “திருகோணமலைக் கடற்பகுதியின் நாளைய வானிலை என்ன” என்று ஒருவரும் கேட்பதில்லை. மாமா கேட்பது “விடிய கடல் எப்பிடி?” பக்கத்து வீட்டு அண்ணா கேட்பது “காத்து கூடவா?” கிண்ணியாவில் இருக்கும் நண்பன் கேட்பது “இண்டைக்குப் போகலாமா?”

மூன்று கேள்விக்கும் பின்னால் இருக்கும் முடிவு ஒன்றுதான்: வள்ளத்தை இறக்குவதா, விடுவதா. அந்த முடிவுக்கு உதவுகிற செய்தி முதல் வாக்கியத்தில் வரவேண்டும். ஆனாலும் “போகலாம்” என்று ஸ்பீக்கர் சொல்லக்கூடாது. அறிவிப்பில் என்ன இருக்கிறது, அது எப்போது வந்தது என்பதைச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. போவதா வேண்டாமா என்பது கடலைப் பார்க்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு.

இந்தப் படியில் இன்னொன்றும் பிடிபட்டது. இரவு பத்து மணிக்கு “விடிய” என்றால் அது அடுத்த நாள். விடியற்காலை மூன்று மணிக்கு அதே சொல் அன்றைய நாளைக் குறிக்கும். “நாளைக்கு” என்று பதில் சொன்னால், நடுச்சாமத்துக்குப் பிறகு எந்த நாள் என்று குழப்பம் வரும். அதனால் கிழமையின் பெயரையே சொல்லுங்கள்: “புதன் விடிய”. இரண்டே சொல், குழப்பம் தீர்ந்தது.

படி 2: மூன்று செய்தியை வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுங்கள்

மேலே இருக்கும் அறிவிப்பில் இடம், திசை, வழக்கமான வேகம், கூடிய வேகம், காரணம், கடலின் நிலை என்று ஆறு செய்தி இருக்கிறது. ஒரு முறை கேட்டு ஆறையும் மனதில் நிறுத்த முடியாது. நான் வைத்துக்கொள்ளும் எல்லை மூன்று செய்தி, எட்டு வினாடி. கைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து பாருங்கள். சொற்களை எண்ண வேண்டாம், தமிழில் ஒரு சொல்லே ஒரு வினாடிக்கு மேல் ஓடும்.

இதில் எதை விடலாம்? உப்புவெளியில் இருக்கிற ஸ்பீக்கருக்கு “பொத்துவில் வரை” தேவையில்லை. முப்பது, நாற்பது என்ற வழக்கமான வேகத்தையும் விடலாம், ஏனென்றால் முடிவு எடுக்க வைப்பது ஐம்பதுதான். ஆனால் “இடைக்கிடையே” என்பதை விடக்கூடாது. அதை வெட்டினால் பதில் குறைந்து அழகாகும், ஆனால் அறிவிப்பு சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடும். “அவ்வப்போது” என்பதும் அப்படித்தான், அது “சில நேரம்” என்று மாறிப் பதிலில் இருக்க வேண்டும். சுருக்கும்போது நான் மிகவும் கவனிப்பது இந்தச் சின்னச் சொற்களைத்தான். பொருளின் அளவு இவற்றில் இருக்கிறது.

விட்ட செய்திகள் தொலைந்து போவதில்லை. “மற்ற நேரம் காத்து?” என்று அடுத்துக் கேட்டால் “முப்பதிலிருந்து நாற்பது வரை வரும்” என்று சொன்னால் போதும். “புதன்கிழமை திருகோணமலையில்” என்று மறுபடி தொடங்க வேண்டாம். வீட்டில் ஒருவர் அப்படிப் பதில் சொல்ல மாட்டார்.

படி 3: முக்கியச் சொல்லை நடுவில் உட்கார வையுங்கள்

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் போனது. வாக்கியத்தின் கடைசிச் சொல் மெலியும் என்று சொன்னேன். முதல் சொல்லும் பாதி தொலையும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் காது ஸ்பீக்கர் பக்கம் திரும்புகிறது. அதனால் முக்கியச் சொல் இரண்டு முனையிலும் இருக்கக்கூடாது. முதலில் தொலைந்தாலும் பரவாயில்லாத சொல், நடுவில் செய்தி, முடிவில் தொலைந்தாலும் பரவாயில்லாத இன்னொரு சொல்.

இரண்டு வடிவத்தைப் பாருங்கள்:

> புதன் விடிய கடல் இடைக்கிடை கொந்தளிக்கும்.

> புதன் விடிய கடல் இடைக்கிடை கொந்தளிப்பாக இருக்கும்.

முதலாவது குட்டையானது. ஆனாலும் நான் இரண்டாவதை எடுப்பேன். அதில் “கொந்தளிப்பு” முழுச் சத்தத்தோடு கேட்கும், “இருக்கும்” என்பது மின்விசிறிச் சத்தத்தில் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எப்போதும் குட்டையான வாக்கியமே நல்லது என்று நினைத்துத்தான் நான் தொடங்கினேன். கேட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டேன்.

எதிர்மறையில் இது ஆபத்தாகவே முடியும். “கடலுக்குச் செல்வது பாதுகாப்பானது அல்ல” என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் கேட்காமல் போனால் பொருள் தலைகீழாகிவிடும். “மழை பெய்வதற்கான வாய்ப்பு இல்லை” என்பதும் அதே மாதிரி, மூன்று சொல் வரைக்கும் மழை வரும் என்றுதான் காது நினைக்கும். இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, எதிர்மறையைப் பெயருக்குப் பக்கத்திலேயே வைப்பது: “மழை இல்லை.” இரண்டு, தன்னிலேயே எச்சரிக்கை உள்ள சொல்லை எடுப்பது: “ஆபத்து”, “எச்சரிக்கை”. மூன்று, எதிர்மறை வரப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் சொல்லை வைப்பது. “அறிவிப்பு இன்னும் வரவில்லை” என்பதில் “இன்னும்” கேட்டவுடனேயே காது “இல்லை”க்குத் தயாராகிவிடும்.

எச்சரிக்கை வந்த நாளுக்கு நான் எழுதிய பதில் இது: “எச்சரிக்கை இருக்கிறது. புதன் இரவு வரை கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள்.” “வேண்டாம்” நடுவில் நிற்கிறது, முடிவில் வருவது போனாலும் பிழையில்லை.

இங்கே “-ஆம்” விகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “கொந்தளிக்குமாம்” என்றால், வேறொருவர் சொன்னதை நான் சொல்கிறேன் என்பது ஒரே அசையில் வந்துவிடும். மூலத்தைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி தமிழில் இல்லை. சாதாரணச் செய்திக்கு அது வீட்டுப் பேச்சுப் போலவே கேட்கும். ஆனால் எச்சரிக்கைக்குப் போடாதீர்கள். “போக வேண்டாமாம்” என்றால் ஊரில் யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிடும்.

படி 4: எவ்வளவு பேச்சு, எவ்வளவு எழுத்து

“காணப்படும்”, “வீசக்கூடுவதுடன்”, “காற்றானது” ஆகியவற்றை ஒருவரும் வாயால் சொல்வதில்லை, எடுத்துவிடுங்கள். அதற்காக முழுக்கப் பேச்சு மொழியில் எழுதினாலும் சரிவராது. குரல் மென்பொருள்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழைப் பார்த்துப் பழகியவை, “வாறன்”, “கிடைக்கேல்ல” போன்றவற்றில் அழுத்தம் தவறிப்போகும். திருகோணமலையிலேயே மூதூரில் ஒரு பேச்சு, உப்புவெளியில் ஒரு பேச்சு. ஒருவருடைய பேச்சை இயந்திரம் பாவனை செய்வதை மற்றவர் விரும்பமாட்டார்.

நான் பிடித்துக்கொண்ட வழி: இலக்கணம் எழுத்தினுடையது, சொல் வீட்டினுடையது. “மாலை” என்பதற்குப் “பின்னேரம்”. “நான்கு” என்பதற்கு “நாலு”. “வடகிழக்குத் திசையிலிருந்து வீசும் காற்று” என்பதற்கு “வாடைக்காற்று”, எங்கள் கரையில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் “கொந்தளிப்பாக” என்பதில் இருக்கும் “க”வை நான் விடுவதில்லை. “கொந்தளிப்பா” என்று எழுதினால் சத்தத்துக்குள் அது கேள்வி மாதிரி விழுகிறது.

படி 5: எண்ணும் அளவும் ஊர்ப் பெயரும்

எண்களை எழுத்தால் எழுதுங்கள். “30-40” என்பதை ஒரு குரல் “முப்பது நாற்பது” என்று ஓட்டிவிடும், இன்னொன்று நடுவில் “கழித்தல்” என்று வாசித்தாலும் வாசிக்கும். “6.30” என்பது “ஆறு புள்ளி முப்பது” ஆகலாம், “ஆறரை” என்று எழுதினால் அந்தப் பிரச்சினையே இல்லை. “கி.மீ.” போன்ற சுருக்கம் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது எல்லாமே “பது”வில் முடிகின்றன. சத்தத்தில் வித்தியாசம் தெரிவது முதல் அசையில் மட்டும். மாமாவும் ஒருமுறை “ஐம்பதோ அறுபதோ” என்றார். எண்ணுக்கு முன்னால் சின்ன இடைவெளி விட்டால் முதல் அசை தெளியும். இடைவெளிக்கு எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழியின் `break` போதும்:

```xml
<speak version="1.0"
  xmlns="http://www.w3.org/2001/10/synthesis"
  xml:lang="ta-LK">
புதன் விடிய கடல் இடைக்கிடை கொந்தளிப்பாக இருக்கும்.
<break time="400ms"/>
வாடைக்காற்று சில நேரம்
<break time="150ms"/>
ஐம்பது கிலோமீற்றர் வரை வரும்.
</speak>
```

வாக்கியங்களுக்கு நடுவில் 400, எண்ணுக்கு முன் 150 மில்லிசெக்கன். இது எனக்குச் சரியாக வந்த அளவு, உங்கள் குரலுக்கு மாற்றிப் பாருங்கள். இதைவிட அதிகக் குறிகளைத் தூவினால் பேச்சு துண்டு துண்டாகும்.

`ta-LK` என்பது இலங்கைத் தமிழ், `ta-IN` என்பது இந்தியத் தமிழ். எந்தக் குரல் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எழுத்துக்கூட்டலும் மாறும். நாங்கள் எழுதும் “கிலோமீற்றர்” என்பதை இந்தியக் குரல் நடுவில் ஒரு “ர்” ஒலி கலந்து வாசிக்கும். அந்தக் குரலுக்கு “கிலோமீட்டர்” என்றே கொடுங்கள். இந்த எழுத்தைக் கண் பார்க்கப் போவதில்லை, சரியான ஒலியைக் கொண்டுவரும் எழுத்துக்கூட்டல்தான் சரியானது. ஆங்கிலச் சொற்களிலும் இந்தக் கவனம் வேண்டும். தமிழில் ஒரே “ப”தான் இருப்பதால் “போட்” என்று எழுதினால் குரல் எப்படி வாசிக்கும் என்று சொல்ல முடியாது. “வள்ளம்”, “படகு” என்று இருக்கும்போது அந்தச் சிக்கலுக்குள் போகத் தேவையில்லை.

ஊர்ப் பெயர் மாறும் பதில்களில் ஒரு பொறி இருக்கிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் “இல்” என்று ஒட்டினால் “கிண்ணியா இல் மழை” என்று வரும். வேற்றுமை உருவோடு சேர்த்தே பட்டியலில் வையுங்கள்:

```
மூதூர்       மூதூரில்         மூதூருக்கு
கிண்ணியா     கிண்ணியாவில்     கிண்ணியாவுக்கு
நிலாவெளி     நிலாவெளியில்     நிலாவெளிக்கு
தம்பலகாமம்   தம்பலகாமத்தில்   தம்பலகாமத்துக்கு
```

ஒரு மாவட்டத்துக்கு இதைக் கையால் எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போதும்.

படி 6: பதில் இல்லாத நேரம்

“மன்னிக்கவும், தங்கள் கோரிக்கையைத் தற்போது நிறைவேற்ற இயலவில்லை” என்பதில் ஒரு செய்தியும் இல்லை. என்ன இல்லை என்று சொல்லுங்கள்: “இன்றைய கடல் அறிவிப்பு இன்னும் வரவில்லை.” அதோடு நிறுத்துங்கள். பழைய அறிவிப்பை எடுத்து அந்த இடத்தை நிரப்பக்கூடாது. ஊர் விளங்காவிட்டால் “எந்த ஊர்?” போதும்.

அறிவிப்பு எப்போது வந்தது என்ற வாக்கியத்தை நான் எப்போதும் கடைசியில் வைக்கிறேன். இரவு கேட்டால் “இன்று பின்னேரம் வந்த அறிவிப்பு”, விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்டால் “நேற்றுப் பின்னேரம் வந்த அறிவிப்பு”. இந்த மாற்றத்தை நிரலில் போட மறந்தால் ஸ்பீக்கர் இன்னும் வராத பின்னேரத்தைப் பற்றிப் பேசும்.

படி 7: திரை இல்லாமல் சோதியுங்கள்

எழுதியதைத் திரையில் படித்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்த வாக்கியத்தைக் காது தானாகத் திருத்திக்கொள்ளும். எழுத்தைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். அவர் கை வேறு வேலையில் இருக்கட்டும், மின்விசிறியோ குழாய்த் தண்ணியோ ஓடட்டும். பிறகு “விளங்கினதா?” என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் சொல்வார்கள். “என்ன சொன்னது?” என்று கேளுங்கள். ஒரு நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டு எண்ணை மட்டும் மறுபடி கேளுங்கள்.

நான் நாலு பேரிடம் போவேன்: மாமா, காது கொஞ்சம் மந்தமான பக்கத்து வீட்டு ஆச்சி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மச்சாள், கிண்ணியா நண்பன். ஒருவர் தவறாகச் சொன்னால் அவர் எந்தச் சொல்லில் தவறினார் என்று பார்ப்பேன். இரண்டு பேர் ஒரே சொல்லில் தவறினால் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதுவேன். ஆச்சி “அறிவிப்பு”க்குப் பதிலாக “அறுவடை” என்று கேட்டதாகச் சொன்ன அன்று, “நேற்றுப் பின்னேரம் வந்த அறிவிப்பு இது” என்று பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன். “அறிவிப்பு” கடைசியிலிருந்து ஒரு இடம் முன்னுக்கு வந்தது, அடுத்த தடவை சரியாகக் கேட்டார்.

அதே பதிலை ஒரு கிழமை தினமும் கேட்டும் பார்க்க வேண்டும். முதல் நாள் நன்றாக இருந்த “காலை வணக்கம், இதோ உங்களுக்கான கடல் நிலவரம்” மூன்றாம் நாள் தொல்லையாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

இப்போது இருக்கும் பதில் இது:

> புதன் விடிய கடல் இடைக்கிடை கொந்தளிப்பாக இருக்கும். வாடைக்காற்று சில நேரம் ஐம்பது கிலோமீற்றர் வரை வரும். நேற்றுப் பின்னேரம் வந்த அறிவிப்பு இது.

வேகத்தைக் கூறும்போது “மணிக்கு” என்பதைக்கூட எடுத்திருக்கிறேன், கடல்காரர் ஒருவரும் அதைச் சொல்லாததால். மாமாவுக்கு இதைப் போட்டுக் காட்டிவிட்டு என்ன சொன்னது என்று கேட்டேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “இடைக்கிடை கொந்தளிப்பாம், காத்து ஐம்பது மட்டும் வருமாம். நேத்தையான் செய்தி.”

வாடைக்காற்றுக் காலம் முடிந்து சோளகம் தொடங்கும்போது காற்றின் பெயரும் கடலின் நிலையும் மாறும். அந்தச் சொற்களோடு இதே நாலு பேரிடம் மறுபடி போக வேண்டும்.